கட்-ஆஃப் எங்கே வைப்பது? மேலாளருக்குக் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸும் ஆர்ஓசி வளைவும்

இருசக்கர வாகனக் கடன் தரும் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவுக்கு நீங்கள் மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகவே எடுக்கப்படுகிறது. கணக்கில் பணம் இல்லாதவர்களின் தவணை பவுன்ஸ் ஆகித் திரும்புகிறது. அதன்பிறகு வங்கிக் கட்டணம், நினைவூட்டல் கடிதம், வீட்டுக்கு ஆள் அனுப்புவது என்று செலவு தொடர்கிறது. இரண்டு நாள் முன்னதாக ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “5ஆம் தேதி தவணை இருக்கிறது, கணக்கில் பணம் வைத்துவிடுங்கள்” என்று சொன்னால், தவற இருந்தவர்களில் கணிசமானோர் கட்டிவிடுவார்கள். ஆனால் எல்லோரையும் அழைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

ஆகவே உங்கள் தரவுக் குழு ஒரு மாடலை உருவாக்குகிறது. ஒவ்வொரு கடன் கணக்குக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணை அது தருகிறது. மதிப்பெண் கூடக்கூட, இந்த மாதம் தவணை தவறும் என்ற சந்தேகமும் கூடுகிறது. கூட்டத்தில் குழுவினர் இரண்டு படங்களைத் திரையில் காட்டுகிறார்கள். ஒன்று நான்கு வண்ணக் கட்டங்கள் கொண்ட சதுரம். மற்றொன்று இடது கீழ் மூலையில் தொடங்கி, வில்போல் மேலே வளைந்து, வலது மேல் மூலையில் முடியும் ஒரு கோடு. அதன் ஓரத்தில் `AUC = 0.88` என்று எழுதியிருக்கிறது. “நன்றாக வந்திருக்கிறது” என்கிறார்கள். நன்றாக வந்திருக்கலாம். ஆனால் எத்தனை பேரை அழைப்பது என்ற உங்கள் கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. விடைக்கு வேண்டிய பாதி அந்த இரண்டு படங்களில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் செலவுக் கணக்கில் இருக்கிறது.

கீழே வரும் எண்கள் எளிதாகக் கணக்குப் போடுவதற்காக நானே அமைத்துக்கொண்டவை. கடந்த மாதத்தின் 1,000 கணக்குகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 900 பேர் ஒழுங்காகக் கட்டினார்கள், 100 பேர் தவறினார்கள். இந்த 1,000 கணக்குகளும் மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படாதவை என்பதையும், அந்த மாதம் யாரையும் முன்கூட்டி அழைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பின்னால் முக்கியமாகும்.

நான்கு கட்டங்கள்

மாடல் தருவது மதிப்பெண் மட்டுமே. அழைக்கலாமா வேண்டாமா என்று அது சொல்வதில்லை. பொறியியல் கலந்தாய்வில் மாணவருக்குக் கட்-ஆஃப் மதிப்பெண் இருப்பதுபோல, இங்கேயும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும்: இதற்கு மேல் இருப்பவரை அழைப்போம், கீழே இருப்பவரை விட்டுவிடுவோம். பல மென்பொருள்கள் யாரையும் கேட்காமலேயே அந்தக் கோட்டை 0.5இல் கிழித்துவிடுகின்றன. குழு காட்டிய சதுரமும் அப்படி வந்ததுதான்.

| | மாடல் சொன்னது: கட்டுவார் | மாடல் சொன்னது: தவறுவார் |
|---|---|---|
| உண்மையில் கட்டினார் | 864 | 36 |
| உண்மையில் தவறினார் | 46 | 54 |

இதன் பெயர்தான் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ். எதை எதுவாக நினைத்து மாடல் குழம்பியது என்பதைக் காட்டுவதால் இந்தப் பெயர். இதை வரிசை வரிசையாகப் படிப்பது நல்லது. மேல் வரிசையில் இருப்பவர்கள் ஒழுங்காகக் கட்டிய 900 பேர். அவர்களில் 36 பேரை மாடல் வீணாகச் சந்தேகப்பட்டது. கீழ் வரிசையில் இருப்பவர்கள் தவறிய 100 பேர். அவர்களில் 54 பேரைப் பிடித்தது, 46 பேரைத் தவறவிட்டது. வீண் சந்தேகத்தை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றும், தவறவிட்டதை ஃபால்ஸ் நெகட்டிவ் என்றும் உங்கள் குழு சொல்லும். இங்கே பாசிட்டிவ் என்றால் நல்லது என்று பொருளில்லை. மருத்துவப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வருவதைப் போல, தேடிய பொருள் இருக்கிறது என்பதே பொருள். இங்கே தேடும் பொருள் தவணை தவறுதல்.

வலது நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கும். மாடல் “தவறுவார்” என்று சொன்னது 90 பேரை. அவர்களில் 54 பேர் உண்மையிலேயே தவறினார்கள், அதாவது 60%. வரிசை வழியே வந்த 54% என்பது, தவற இருந்தவர்களில் எத்தனை பேரைப் பிடித்தோம் என்ற கேள்விக்கு விடை. நெடுவரிசை வழியே வந்த 60% என்பது, அழைப்புப் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேரை அழைப்பதற்குப் பொருள் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை. முதலாவதை ரீகால் என்றும் இரண்டாவதைப் பிரிசிஷன் என்றும் அழைக்கிறார்கள். பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒரு சதவீதத்தைச் சொன்னால் “எத்தனை பேரில்?” என்று கேட்கப் பழகினாலே போதும்.

இந்தப் படத்தைப் பார்ப்பதில் இரண்டு இடங்களில் கண் ஏமாறும். பைதான் மொழியின் scikit-learn தொகுப்பு வரையும் சதுரத்தில், உண்மை நிலை பக்கவாட்டில் `True label` என்றும், மாடலின் கணிப்பு கீழே `Predicted label` என்றும் எழுதப்பட்டிருக்கும். வேறு சில கருவிகளும் பாடநூல்களும் இதைத் திருப்பிப் போடுகின்றன. அப்போது 36உம் 46உம் இடம் மாறிக்கொள்ளும். எண்கள் இப்படி அருகருகே இருந்தால் இந்த மாற்றத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே எண்களுக்கு முன் ஓரத்து எழுத்தைப் படியுங்கள். மேலும், ஒரு வரிசையின் கூட்டுத்தொகை 100 என்று நீங்கள் அறிந்த எண்ணோடு ஒத்துவருகிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது ஏமாற்று வண்ணத்தில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் பெரிய எண் மஞ்சளாகவும் சிறிய எண் கருநீலத்தை ஒட்டிய ஊதாவாகவும் வருகிறது. 864 பளிச்சென்று மஞ்சளில் மின்னும். 36, 46, 54 மூன்றும் ஏறத்தாழ ஒரே இருட்டில் கிடக்கும். நீங்கள் முடிவெடுக்க வேண்டியதெல்லாம் அந்த மூன்று இருட்டுக் கட்டங்களில்தான். ஒவ்வொரு வரிசையையும் அதன் மொத்தத்தால் வகுத்துச் சதவீதமாக வரையச் சொன்னால் வண்ணம் ஓரளவு நியாயமாகும். ஆனால் சதவீதத்தோடு எண்ணிக்கையும் கூடவே இருக்க வேண்டும். 54% என்பது 100இல் 54ஆ, 13இல் 7ஆ என்பதைச் சதவீதம் காட்டாது.

91.8% துல்லியம் என்றால்

இந்தச் சதுரத்திலிருந்து குழு பெரும்பாலும் முதலில் சொல்லும் எண் துல்லியம். சரியாகச் சொன்னவை 864உம் 54உம், மொத்தம் 918, ஆகவே 91.8%. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு மாடலும் இல்லாமல், “எல்லோரும் கட்டிவிடுவார்கள்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 900 பேர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அவருடைய துல்லியம் 90%. ஒருவரைக்கூட அவர் பிடிக்கவில்லை.

தேடும் பொருள் அரிதாக இருக்கும் இடங்களில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2013 செப்டம்பரில் ஐரோப்பியக் கடனட்டைகளில் இரண்டு நாள்களில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகளைக் கொண்ட ஒரு தரவுத்தொகுப்பை, பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று பொதுவில் வைத்திருக்கிறது. இத்துறையில் பழகுபவர்கள் பலரும் அதில் கைவைத்திருப்பார்கள். அதில் மோசடி என்று குறிக்கப்பட்டவை 492 மட்டுமே. “மோசடியே இல்லை” என்று எழுதிவைத்த ஒரு காகிதத்துக்கு அங்கே 99.8% துல்லியம் கிடைக்கும். ஆகவே துல்லியம் என்ற எண்ணை யாராவது தனியாகச் சொன்னால், ஒன்றும் செய்யாதவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் உடனே கேட்டு, அதன் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை நகர்த்திப் பார்ப்போம்

சதுரம் ஒரு கட்-ஆஃபில் எடுத்த நிழற்படம். 0.5 என்ற கோட்டுக்குப் புனிதம் எதுவும் இல்லாததால், அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். கோட்டைக் கீழே இறக்கினால் கூடுதலானோர் பட்டியலுக்குள் வருவார்கள். பிடிபடுவோரும் கூடுவார்கள், வீண் அழைப்பும் கூடும். உயர்த்தினால் இரண்டும் குறையும். ஒன்று கூடி மற்றொன்று குறையும் கட்-ஆஃப் என்று எதுவும் இல்லை. நம் 1,000 கணக்குகளில் நான்கு இடங்களில் கோட்டைக் கிழித்தபோது கிடைத்தவை இவை.

| கட்-ஆஃப் | பிடிபட்டோர் (100இல்) | வீண் அழைப்பு (900இல்) | மொத்த அழைப்பு | துல்லியம் |
|---|---|---|---|---|
| 0.8 | 25 | 9 | 34 | 91.6% |
| 0.5 | 54 | 36 | 90 | 91.8% |
| 0.3 | 80 | 135 | 215 | 84.5% |
| 0.15 | 92 | 315 | 407 | 67.7% |

இந்த அட்டவணையைப் படமாக வரைந்தால் அதுவே ஆர்ஓசி வளைவு. கிடைமட்டத்தில், கட்டியவர்களில் எத்தனை சதவீதத்தினரை வீணாக அழைத்தோம் என்பதைக் குறிக்க வேண்டும்; செங்குத்தாக, தவறியவர்களில் எத்தனை சதவீதத்தினரைப் பிடித்தோம் என்பதைக் குறிக்க வேண்டும். 0.8இல் 1%க்கு 25%, 0.5இல் 4%க்கு 54%, 0.3இல் 15%க்கு 80%; 0.15இல் 35%க்கு 92%. யாரையும் அழைக்காவிட்டால் இடது கீழ் மூலை, எல்லோரையும் அழைத்தால் வலது மேல் மூலை. இடையில் உள்ள எல்லாக் கட்-ஆஃபுகளுக்கும் புள்ளி வைத்து இணைத்தால் குழு காட்டிய வில் வந்துவிடும். ஆகவே வளைவின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு நான்கு கட்டச் சதுரம் ஒளிந்திருக்கிறது. விந்தை என்னவென்றால், முடிவெடுக்க உங்களுக்கு வேண்டிய கட்-ஆஃப் எண்ணைப் பெரும்பாலான ஆர்ஓசி படங்கள் காட்டுவதே இல்லை. நான்கைந்து புள்ளிகளின் பக்கத்தில் கட்-ஆஃபை எழுதிக் கொண்டுவரும்படி குழுவிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஓசி என்பது ரிசீவர் ஆப்பரேட்டிங் கேரக்டரிஸ்டிக் என்பதன் சுருக்கம். ரிசீவர் என்றால் ரேடார் அலைவாங்கி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரேடார் பணியின் எச்சம் அது. வரும் அலையில் விமானம் எது, வெறும் இரைச்சல் எது என்று ஒருவர் பிரிக்க வேண்டியிருந்தது. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் தொலைவில் உள்ள விமானமும் தெரியும், பறவைக் கூட்டமும் விமானமாகத் தெரியும். கருவி எவ்வளவு நல்லது என்பதையும், அதைத் திருகுபவர் திருகாணியை எங்கே வைத்தார் என்பதையும் பிரித்துப் பேச இந்த வளைவு உதவியது. உங்கள் அலுவலகத்திலும் அதே பிரிவினைதான்: வளைவு மாடலுடையது, அதில் எந்தப் புள்ளியில் நிற்பது என்பது உங்களுடையது.

படத்தின் நடுவே மூலைக்கு மூலை ஒரு புள்ளிக்கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு அழைத்தால் கிடைப்பது அந்தக் கோடு: 30% பேரைக் குலுக்கி எடுத்தால், கட்டியவர்களில் சுமார் 30%, தவறியவர்களிலும் சுமார் 30% வருவார்கள். வளைவு அந்தக் கோட்டிலிருந்து இடது மேல் மூலையை நோக்கி எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவு மாடல் குலுக்கலைவிட மேல்.

ஓரத்தில் எழுதியிருக்கும் 0.88 என்பது வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு, ஏயுசி என்பார்கள். பரப்பு என்று சொன்னால் மேலாளருக்கு ஒன்றும் விளங்காது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. இதற்கு நேரான ஒரு பொருள் இருக்கிறது. தவறியவர்களில் ஒருவரையும் கட்டியவர்களில் ஒருவரையும் கண்ணை மூடி எடுங்கள். தவறியவருக்கு மாடல் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருக்க 100க்கு 88 வாய்ப்பு உண்டு. அவ்வளவுதான். 88% சரியாகச் சொல்கிறது என்றோ, 88% பேரைப் பிடிக்கும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அது தரவரிசையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வகுப்பில் எல்லோருக்கும் பத்து மதிப்பெண் கூட்டிப் போட்டாலும் தரவரிசை மாறாது அல்லவா? அதேபோல, எல்லா மதிப்பெண்களையும் பாதியாகக் குறைத்தாலும் ஆர்ஓசி வளைவு இம்மியும் அசையாது. ஆகவே ஒருவருக்கு 0.7 என்று வந்திருந்தால் அவர் தவற 70% வாய்ப்பு என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

கட்-ஆஃபைப் பணம் தீர்மானிக்கட்டும்

இனி உங்கள் பக்கத்து எண்கள். ஒரு டெலிகாலர் அழைப்புக்கு ₹30 செலவு என்று கொள்வோம். ஒரு தவணை பவுன்ஸ் ஆனால் நிறுவனத்துக்கு ₹400 போகிறது. அழைத்தால் தவற இருந்தவர்களில் பாதிப் பேர் கட்டிவிடுகிறார்கள். அப்படியானால் சரியாகப் பிடித்த ஒவ்வொருவராலும் சராசரியாக ₹200 மிச்சம். ஒவ்வோர் அழைப்புக்கும் ₹30 செலவு.

0.8இல் 25 பேரால் ₹5,000 மிச்சம், 34 அழைப்புக்கு ₹1,020 செலவு; கையில் நிற்பது ₹3,980. 0.5இல் ₹8,100. 0.3இல் ₹9,550. 0.15இல் ₹6,190. எல்லோரையும் அழைத்தால் ₹10,000 நட்டம். ஆகவே இந்த நான்கில் நிற்க வேண்டிய இடம் 0.3. துல்லியம் 91.8%இலிருந்து 84.5%க்கு இறங்கியிருக்கும் இடம் அது. துல்லியத்தை மட்டும் பார்க்கும் மேலாளர் மாதந்தோறும் ஆயிரம் கணக்குக்கு ₹1,450 விட்டுக்கொண்டிருப்பார்.

ஏன் 0.3க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை வளைவே காட்டுகிறது. 0.5இலிருந்து 0.3க்கு இறங்கும்போது கூடுதலாக 125 அழைப்புகள், கூடுதலாகப் பிடிபட்டவர் 26 பேர்: ₹3,750 போட்டு ₹5,200 எடுக்கிறோம். 0.3இலிருந்து 0.15க்கு இறங்கும்போது 192 அழைப்புகள் கூடுகின்றன, பிடிபடுவோர் 12 பேர்தான் கூடுகிறார்கள்: ₹5,760 போட்டு ₹2,400 எடுக்கிறோம். வளைவு செங்குத்தாக ஏறும் வரையில் கூடுதல் அழைப்புக்குப் பலன் உண்டு. படுக்கத் தொடங்கிய பிறகு அழைப்பு மட்டுமே கூடும். எந்த இடத்தில் படுப்பது “போதுமான அளவு படுத்தது” என்பதை ₹30க்கும் ₹200க்கும் உள்ள விகிதம்தான் சொல்லும்.

செலவு மாறினால் இடமும் மாறும். டெலிகாலருக்குப் பதிலாகப் பதிவுசெய்த குரல் அழைப்பை அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். ஓர் அழைப்பு ₹1. ஆனால் பத்தில் ஒருவர்தான் அதைக் கேட்டுக் கட்டுகிறார். சரியாகப் பிடித்த ஒவ்வொருவராலும் மிச்சம் ₹40. இப்போது 0.3இல் ₹2,985, 0.15இல் ₹3,273, எல்லோருக்கும் அனுப்பினால் ₹3,000. அதே மாடல், அதே வளைவு, அதே 0.88, நிற்க வேண்டிய புள்ளி மட்டும் 0.15க்கு நகர்ந்துவிட்டது. இன்னும் கூர்ந்து பார்த்தால், எல்லோருக்கும் அனுப்புவதற்கும் மாடலைப் பயன்படுத்துவதற்கும் வேறுபாடு ₹273தான். குரல் அழைப்புக்கு மாடல் தேவையா என்றே கேட்கலாம்.

வளைவு காட்டாதது

ஆர்ஓசி வளைவின் இரண்டு அச்சுகளும் சதவீதங்கள். கட்டியவர்கள் எத்தனை பேர், தவறியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை வளைவு வரைந்தவுடன் காணாமல் போய்விடுகிறது. இது அதன் பலமும் பலவீனமும்.

இந்த மாடலையே அரசு ஊழியர்களுக்குத் தரும் கடன் பிரிவுக்கு எடுத்துச் செல்வதாக நினையுங்கள். அங்கே 10,000 கணக்குகளில் 100 பேர்தான் தவறுகிறார்கள்; 10%க்குப் பதில் 1%. மாடல் அதே திறமையோடு தரவரிசைப்படுத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். வளைவு அப்படியே இருக்கும், 0.88உம் அப்படியே இருக்கும். ஆனால் 0.3இல் கோட்டைக் கிழித்தால், பிடிபடுவோர் 80. வீண் அழைப்பு 9,900இல் 15%, அதாவது 1,485. மொத்தம் 1,565 அழைப்புகள், ₹46,950 செலவு, ₹16,000 மிச்சம், ₹30,950 நட்டம். முன்பு லாபம் தந்த அதே புள்ளி இது. 0.5இலும் ₹2,700 நட்டம். 0.8க்கு ஏறினால்தான் ₹1,280 கையில் நிற்கும். டெலிகாலரின் கண்ணால் பார்த்தால் இன்னும் தெளிவு: முன்பு மூன்று அழைப்புக்கு ஒன்றாவது பொருளுள்ளதாக இருந்தது, இப்போது இருபதுக்கு ஒன்று. இரண்டாவது வாரத்திலேயே அவர் பட்டியலை நம்புவதை நிறுத்திவிடுவார்.

முன்பு சொன்ன கடனட்டைத் தரவிலும் இதேதான். வீண் எச்சரிக்கை 1% என்பது வளைவின் இடது ஓரத்தோடு ஒட்டிக் கிடக்கும் புள்ளி. படத்தில் பார்த்தால் சுழி மாதிரித்தான் தெரியும். ஆனால் அது 2,843 ஒழுங்கான பரிவர்த்தனைகள். 492 மோசடிகளையும் ஒன்று விடாமல் பிடித்தாலும், எச்சரிக்கைகளில் ஏழில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும். எனவே தேடும் பொருள் அரிதாக இருந்தால், வளைவோடு நின்றுவிடாமல், உங்கள் பிரிவின் உண்மையான விகிதத்தில் நான்கு கட்டச் சதுரத்தை எண்ணிக்கையோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படமே பிழையைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

நிரல் எழுதத் தெரியாமலேயே ஒரு மேலாளர் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. நான் அதிகம் பார்த்தது இது: வளைவு என்று காட்டப்படுவது வளைவாக இல்லாமல், ஒரே ஒரு முழங்கையோடு இரண்டு நேர்க்கோடுகளாக இருக்கும். மதிப்பெண்ணைக் கொடுக்க வேண்டிய இடத்தில், ஏற்கெனவே 0.5இல் வெட்டிய ஆம்–இல்லை விடையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பைதானில் இரண்டுக்கும் நடுவே வேறுபாடு இவ்வளவே:

```python
RocCurveDisplay.from_predictions(y, model.predict(X))
RocCurveDisplay.from_predictions(y, model.predict_proba(X)[:, 1])
```

முதல் வரி பிழை, இரண்டாவது சரி. நம் மாடலில் முதல் வரியைப் பயன்படுத்தினால் ஏயுசி 0.88 என்பதற்குப் பதில் 0.75 என்று வரும். நல்ல மாடலைத் தூக்கிப் போட்டுவிடும் பிழை இது.

வளைவு புள்ளிக்கோட்டுக்குக் கீழே தொங்கினால் மாடல் மோசம் என்று உடனே சொல்லாதீர்கள். குலுக்கலைவிட நெடுக மோசமாக இருப்பது எளிதல்ல. தவறியவர், கட்டியவர் என்ற குறியீடுகள் எங்கோ தலைகீழாகியிருக்கக்கூடும். மாறாக, வளைவு இடது மேல் மூலையை அப்படியே முட்டிக்கொண்டு 0.99 என்று வந்தால் கைதட்டாமல், மாடலுக்குக் கொடுத்த தகவல்களின் பட்டியலைக் கேளுங்கள். அதில் “பவுன்ஸ் கட்டணம்” போன்ற ஒரு நெடுவரிசை இருந்தால் விடைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டணம் தவணை தவறிய பிறகுதானே விதிக்கப்படும்? பயிற்றுவித்த கணக்குகளையே வைத்துச் சோதித்தாலும் இப்படி வரும்.

வளைவு பெரிய பெரிய படிக்கட்டுகளாக இருந்தால், தவறியவர்கள் எண்ணிக்கை குறைவு என்று அறியலாம். 20 பேர் மட்டுமே தவறியிருந்தால் ஒருவர் இப்படியோ அப்படியோ போனாலே 5% ஏறி இறங்கும். நம் 100 பேரிலும் 80% என்பது அடுத்த மாதம் தற்செயலாகவே 72%இலிருந்து 88% வரை எங்கும் வரலாம். இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு 0.88, மற்றொன்றுக்கு 0.87 என்றால், அந்த வேறுபாட்டை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

அழைக்கத் தொடங்கிய பிறகு

0.3இல் கோட்டைக் கிழித்து 215 பேரை அழைத்தாயிற்று. மாத முடிவில் குழு புதிய சதுரத்தோடு வருகிறது. எண்களைப் பார்த்தால் மாடல் கெட்டுவிட்டதுபோல இருக்கும். தவற இருந்த 80 பேரில் 40 பேர் அழைப்பைக் கேட்டுக் கட்டிவிட்டார்கள் அல்லவா? அவர்கள் இப்போது சதுரத்தில் “கட்டினார், ஆனால் மாடல் தவறுவார் என்று சொன்னது” என்ற கட்டத்தில், வீண் அழைப்புகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிடிபட்டவர் 40, தவறவிட்டவர் 20, வீண் அழைப்பு 175. ரீகால் 80%இலிருந்து 67%க்கும், பிரிசிஷன் 37%இலிருந்து 19%க்கும் இறங்கிவிட்டன. உங்கள் டெலிகாலர்கள் செய்த நல்ல வேலை முழுவதும் மாடலின் கணக்கில் தவறாக எழுதப்பட்டுவிட்டது.

தொடக்கத்தில் நாம் சோதித்த மாதத்தில் யாரையும் அழைக்கவில்லை என்று சொன்னது இதற்காகத்தான். அழைப்பு தொடங்கிய பிறகும் மாடலை அளக்க ஒரு வழி உண்டு. அதற்கு உங்கள் ஒப்புதல் தேவை, ஏனென்றால் கொஞ்சம் பணம் போகும். பட்டியலில் வரும் 215 பேரில், குலுக்கல் முறையில் 30 பேரை மட்டும் அழைக்காமல் விட வேண்டும். மாடல் முன்போலவே இருந்தால் அந்த 30இல் சுமார் 11 பேர் தவறுவார்கள், அதாவது 37%. அழைத்த 185 பேரில் சுமார் 34 பேர் தவறுவார்கள், 19%. முதல் எண் மாடலின் தரத்தைச் சொல்கிறது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி அழைப்பின் பலனைச் சொல்கிறது. 30 பேர் ஒரு மாதத்துக்குச் சிறிய கூட்டம்தான். ஆறு மாதம் சேர்த்தால் 180 ஆகும். அந்த 30 பேரையும் அழைத்திருந்தால் அவர்களில் ஐந்தாறு பேர் கட்டியிருப்பார்கள். அழைப்புச் செலவு ₹900 மிஞ்சுவதைக் கழித்தால், மாதம் சுமார் ₹1,300க்கு இந்த அளவுகோலை நீங்கள் வாங்குகிறீர்கள்.